டம்ளரில் ஒட்டிய விலை

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் பெரியம்மா மகன் ஒரு நாள் மத்தியானம் போனில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன். பித்தளை டபரா செட்டு. டம்ளர்ல விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"பிச்சுட்டே எடுத்திருக்கலாமே அண்ணே?"

"காலைல எடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் செட்டு வித்துப்போச்சு. அடுத்தது பூ வெட்டி வர பத்து நாளாகும். ஆன்லைன்ல போட்டு வெச்சாத்தானே ஆர்டர் வரும்?"

பொருள்களின் படங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. துணி, மரம், மண்பாண்டம் என்றால் அவர் சொன்ன ஐந்து நிமிடக் கணக்கு சரிதான். பளபளக்கும் பித்தளையில் அது செல்லாது. அன்று எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. எங்கே பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுதினால் கைபேசியில் தன் கடைப் பொருளைப் படமெடுத்து விற்கும் யாருக்கும் உதவும்.

முதலில் அவரிடம் கேட்டது வேறு படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும். ஜேபெக் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகச் சேமிக்கப்படுகிறது. அதிகமாகச் சுருக்கினால் அந்தக் கட்டங்கள் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும், வழவழப்பான உலோகத்தில் இன்னும் பளிச்சென்று. அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் மூலப் படம் மூலப் படமாகவே வந்து சேரும்.

வந்த படத்தில் டபரா முன்னால், டம்ளர் அதன் பின்னால். கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்திருந்தார். டம்ளரின் முன்பக்கத்தில் உளியால் வெட்டிய ஒற்றைத் தாமரை. அதற்குக் கீழே, நட்ட நடுவில் ஸ்டிக்கர். கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து டக் டக்கென்று ஒட்டுவார்களே, அந்த வகை. இரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம். படத்தில் அது ஏறக்குறைய 500 புள்ளி அகலம், 300 புள்ளி உயரம். பெரிதாக்கிப் பார்த்தால் அதன் நடுவே வளைவாகச் சின்னச் சின்னக் கீறல்கள். ஒரு பொருளின் ஸ்டிக்கரைப் பிய்த்து இன்னொன்றில் ஒட்டி யாரும் ஏமாற்றக் கூடாதென்று, பிய்த்தால் துண்டு துண்டாகக் கிழியும்படி கம்பெனியிலேயே வெட்டி அனுப்புவது அது. ஒரு மூலை லேசாக மேலே சுருண்டிருந்தது. அந்த மூலைக்கு அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு நிழல்.

இந்த நிழலைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. வெள்ளைக் காகிதத்தை மட்டும் அழித்துவிட்டு, இந்தக் கறுப்புக் கோட்டை விட்டுவிடுவார்கள். ஸ்டிக்கர் போயும் அதன் வடிவம் அங்கேயே நிற்கும்.

படம் திருத்தும் மென்பொருள் எதிலும் இந்த வேலைக்கு இரண்டு கருவிகள் இருக்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப்பில் ஒன்றுக்கு C விசை, மற்றொன்றுக்கு H விசை. முதலாவது குளோன். படத்தின் ஓரிடத்தை Ctrl அழுத்திச் சொடுக்கிக் காட்டினால், அங்கே உள்ளதை அப்படியே இன்னோரிடத்தில் பூசும். இரண்டாவது ஹீல். இதிலும் ஓரிடத்தைக் காட்ட வேண்டும். ஆனால் இது அங்கிருந்து எடுப்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் அல்ல, சொரசொரப்பையும் கோடுகளையும் மட்டும். நிறத்தைப் பூசும் இடத்தின் விளிம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பில் 2002-ல் இந்தக் கருவி வந்தபோது எங்கள் தொழிலில் பாதி வேலை குறைந்தது. மறு ஆண்டு பெரெஸ், காங்னே, பிளேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதே யோசனையைக் கணிதமாக எழுதி வெளியிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் பெயரால் வழங்கும் சமன்பாடுதான் அதன் அடிப்படை.

கணிதம் தெரியாவிட்டாலும் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தகட்டின் நான்கு ஓரங்களையும் வெவ்வேறு சூட்டில் வைத்தால், நடுவில் உள்ள சூடு அந்த நான்குக்கும் இடையில் சமாதானமாக ஒரு நிலைக்கு வரும் அல்லவா? ஹீல் கருவி நிறத்தை அப்படித்தான் பரப்புகிறது. ஓரத்தில் என்ன இருக்கிறதோ அது உள்ளே பரவும். பூசும் எல்லைக்கு வெளியே ஸ்டிக்கரின் வெள்ளை ஓரம் இரண்டு புள்ளி மிச்சமிருந்தால், அந்த வெள்ளை உள்ளே வழிந்து பால் கொட்டியது போல் படரும். அந்த நிழல் கோடு மிச்சமிருந்தால் அழுக்காகப் படரும். அதனால் ஸ்டிக்கரின் அளவுக்குச் சரியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சுற்றிலும் பத்துப் பதினைந்து புள்ளி வெளியே தள்ளி, நிழலையும் சேர்த்து வளைத்துக்கொள்ள வேண்டும். 'ஹீல் பண்ணினேன், கறை மாதிரி ஆகிவிட்டது' என்று என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு தவறுதான்.

இது சரியாக இருந்தும் பித்தளையில் வேலை கெடுவதற்குக் காரணம் பித்தளைதான். டம்ளரைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது உலோகத்தின் மஞ்சளை மட்டுமல்ல. அதைச் சுற்றியுள்ள அறையைப் பார்க்கிறோம். கடை வாசல் ஒரு வெள்ளைப் பட்டையாக, எதிர்ச் சுவர் பழுப்புப் பட்டையாக, படமெடுத்தவரின் சட்டை ஒரு கறுப்புக் கோடாக டம்ளரில் மேலிருந்து கீழாக நிற்கின்றன. உருளை வடிவம் அறையை அப்படி ஒடுக்கி நெட்டுக்கோடுகளாக்கிவிடுகிறது. அண்ணன் அனுப்பிய படத்தில் வாசல் வெளிச்சத்தின் கூரான விளிம்பு சரியாக ஸ்டிக்கருக்குப் பின்னால் போய், கீழே மறுபடி வெளியே வந்தது. ஹீல் கருவிக்கு இந்த விளிம்பு அங்கே இருக்க வேண்டும் என்று தெரியாது. வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே சமாதானம் செய்து ஒரு மங்கலான மேகத்தை வைத்துவிட்டுப் போகும்.

போதாததற்கு, கடைசல் பட்டறையில் சுற்றவிட்டுத் தேய்த்த தடம் டம்ளரைச் சுற்றி மெல்லிய குறுக்குக்கோடுகளாக ஓடும். பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும். வெளிச்சம் நெட்டுக்கு, கடைசல் தடம் குறுக்குக்கு. நெசவில் பாவும் ஊடையும் போல. துணியில் ஓட்டை விழுந்தால் இரண்டு இழையையும் தனித்தனியாகக் கோத்துத்தான் இழையெடுக்க வேண்டும். இங்கேயும் அதுதான் வழி.

முதலில் பாவு. அசல் அடுக்கைத் தொடாமல் Shift+Ctrl+D போட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். ஸ்டிக்கருக்கு மேலே தாமரை இருந்ததால் அங்கிருந்து எடுக்க முடியவில்லை. கீழே, ஸ்டிக்கர் முடிந்த இடத்திலிருந்து வெறும் உலோகமாக ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நேர் மேலே ஏற்றி ஸ்டிக்கரை மூடினேன். வெளிச்சக் கோடுகள் பொருந்தவில்லை. டம்ளர் வாய் அகன்று அடி ஒடுங்கியது. கீழேயுள்ள கோடுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும், மேலே போகப் போக விரியும். ஒட்டிய பட்டையை உருமாற்றும் கருவியால் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்து, மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தைவிட ஒரு துளி கூடுதலாக விரித்ததும் வாசல் வெளிச்சத்தின் விளிம்பு மேலும் கீழும் ஒரே கோடாகச் சேர்ந்தது. அன்றைய வேலையில் பாதி நேரம் இதற்கே போனது. விளிம்பு ஒரு புள்ளி விலகினாலும் டம்ளர் அந்த இடத்தில் நசுங்கியது போல் தெரியும்.

பிறகு ஊடை. ஒட்டிய பட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் தையல் போல் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கடைசல் தடம் வேறு உயரத்திலிருந்து வந்திருப்பதால் பக்கத்துத் தடத்தோடு ஒட்டவில்லை. இங்கேதான் ஹீல் உதவும். அடுக்குகளை ஒன்றாக்கிவிட்டு, அதே உயரத்தில், இடப்பக்கம் தள்ளி, வெறும் உலோகமுள்ள இடத்தை மூலமாகக் காட்டினேன். டம்ளரைச் சுற்றி ஓடும் ஒரே தடம்தான் அங்கேயும் இங்கேயும். அதனால் கோடுகள் தொடர்ந்தன. வெளிச்சத்தை ஹீல் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அது பாவு கோத்தபோதே சரியாக வந்துவிட்டதால் இப்போது கெடுக்க எதுவும் இல்லை. தூரிகையை மட்டும் சிறியதாக, முப்பது நாற்பது புள்ளி அகலத்துக்குமேல் போகாமல் வைத்தேன். வெளிச்சத்தின் கூரான விளிம்பு வரும் இடத்தில் ஹீலை நிறுத்திவிட்டு, குளோனுக்கு மாறி, விளிம்பின் மீதே நேர்கோட்டில் இரண்டு தட்டு.

டம்ளர் சுத்தமாகிவிட்டது. அனுப்பிவிடலாம் என்று எழுந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒருமுறை பார்த்தேன். டபராவுக்குள் ஏதோ வெள்ளை.

டபராவின் அடித்தட்டு கண்ணாடி மாதிரி துலக்கியது. பின்னால் நிற்கும் டம்ளர் அதில் தலைகீழாக விழுந்திருந்தது. அந்தத் தலைகீழ் டம்ளரில் ஸ்டிக்கர் இருந்தது. விலைகூட வாசிக்கலாம் போலிருந்தது. பொருளில் இல்லாத ஸ்டிக்கர் பிம்பத்தில் மட்டும் இருக்கும் படம்! வாங்குபவர் இது என்னவென்று சொல்ல மாட்டார். ஆனால் படத்தில் ஏதோ சரியில்லை என்று அவர் கண்ணுக்குப் படும், விரல் அடுத்த படத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். பளபளக்கும் பொருள் எதுவானாலும், ஸ்டிக்கரை அழிக்கும் முன் அதன் பிம்பங்கள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று முதலில் தேடிவிடுவது நல்லது. மேசை கிளாஸ் பலகையாக இருந்தால் அதிலும் விழும்.

டபராவுக்குள் இருந்ததை எடுப்பது எளிது. பிம்பம் ஏற்கெனவே கலங்கலாக இருப்பதால் ஹீல் ஒன்றே போதும்.

அனுப்பும் முன் எப்போதும் இரண்டு சோதனை செய்வேன். கிம்ப்பில் `Colors > Curves` திறந்து, கோட்டை நடுவில் செங்குத்தாக நிமிர்த்தி, படத்தைக் கண்றாவியாகக் கறுப்பு வெள்ளை முரணுக்குக் கொண்டுபோவேன். சாதாரணமாகத் தெரியாத மங்கல் திட்டு அதில் சாம்பல் தீவாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பார்த்துவிட்டு ரத்து செய்துவிட வேண்டும். இரண்டாவது, படத்தை இடவலம் திருப்பிப் பார்ப்பது. ஒரே படத்தை ஒரு மணி நேரம் பார்த்த கண்ணுக்குத் தவறு பழகிப்போயிருக்கும். திருப்பினால் புதுப் படம் போல் பார்க்கும். அன்று முதல் சோதனையில் ஒரு திட்டு அகப்பட்டது. அந்த இடத்தில் மட்டும் படத்தின் பொடிப்பொடியான மணல்தன்மை இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. ஹீலை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூசினால் அப்படித்தான் ஆகும். ரத்து செய்து பின்னோக்கிப் போய், ஒரே பூச்சில் முடித்தேன்.

படம் போனது. பத்து நாள் கழித்து அடுத்த செட்டு வந்தபோது நானும் கும்பகோணத்தில் இருந்தேன். அந்த மாடலில் நாலைந்து அளவுகள், எல்லாவற்றிலும் ஸ்டிக்கர். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது. அண்ணனிடம் வேறு முறையைக் காட்டினேன்.

பித்தளை டம்ளர் கடைசலில் சுற்றி உருவான வடிவம். அதை அதன் அச்சிலேயே திருப்பினால் வடிவத்தில் எதுவும் மாறாது. வடிவம் மாறாவிட்டால் அதில் விழும் அறையின் பிம்பமும் மாறாது. டம்ளரைத் திருப்பினால் ஸ்டிக்கரும் தாமரையும் நகரும். வாசல் வெளிச்சமும் சுவரின் நிழலும் இருந்த இடத்திலேயே நிற்கும். நம்பாதவர்கள் ஒரு எவர்சில்வர் டம்ளரை விளக்குக்கு முன்னால் வைத்து விரலால் சுழற்றிப் பார்க்கலாம். டம்ளர் சுற்றும், வெளிச்சக் கோடு அசையாது.

கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தினோம். திரையில் டம்ளர் மீது விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சமும் ஃபோகஸும் மாறாமல் பூட்டினோம். டம்ளரின் அடியைச் சுற்றி மேசையில் பென்சிலால் ஒரு வட்டம். தாமரையும் ஸ்டிக்கரும் முன்னால் இருக்க ஒரு படம். பிறகு டம்ளரைப் பென்சில் வட்டத்தை விட்டு நகராமல் அரைச் சுற்றுத் திருப்பி, வெறும் பக்கம் முன்னால் வர இன்னொரு படம். பொத்தானை அழுத்தும்போது போன் ஆடாமலிருக்க மூன்று நொடி டைமர். இரண்டையும் `File > Open as Layers` வழியாக ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்தோம். தாமரைப் படம் மேலே, வெறும் படம் கீழே. மேல் அடுக்குக்கு ஒரு மாஸ்க் போட்டு, ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கறுப்பால் பூசினால் அந்த இடம் ஓட்டையாகி, கீழேயுள்ள வெறும் டம்ளர் தெரியும். அதே வெளிச்சம், அதே கடைசல் தடம், அதே மணல்தன்மை. எதையும் கற்பனையாகச் செய்து நிரப்பவில்லை, எல்லாம் அந்த டம்ளரின் உண்மையான மேனி. டபராவுக்குள் விழுந்த பிம்பத்தையும் அதே பூச்சில் எடுத்தாயிற்று. இதற்குத்தான் ஐந்து நிமிடம்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்றார் அண்ணன்.

"அன்னைக்கு டம்ளர் உங்ககிட்ட இல்லையே அண்ணே."

சுற்றுவடிவமான பொருளுக்குத்தான் இது செல்லும். கையால் தட்டிச் செய்த அண்டா, குடம் போன்றவற்றில் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு விதமாக வெளிச்சத்தைத் திருப்பும். அங்கே ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு எடுப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

பிய்க்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கும். அண்ணன் கடையில் ஆறு மாதமாக அலமாரியில் இருந்த ஒரு டம்ளரில் ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்தார். அடியில் பளீரென்று ஒரு நீள்சதுரம். மற்ற இடமெல்லாம் காற்று பட்டு மங்கியிருந்தது. காகிதத்துக்கு அடியில் மட்டும் பட்டறையிலிருந்து வந்த அன்றைய மினுக்கம். இந்த டம்ளரைப் படத்தில் மட்டும் சுத்தமாக்கி, பொருளை அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பினால், வாங்கியவர் வீட்டில் ஸ்டிக்கரைப் பிய்க்கும்போது அந்தச் சதுரம் சிரிக்கும். இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. அண்ணன் டம்ளர் முழுவதையும் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கடைப் பையனிடம் கொடுத்தார். ஸ்டிக்கருக்கு அடியில் நசுங்கலோ கீறலோ இருந்திருந்தால் படத்தை நான் திருத்தியிருக்க மாட்டேன்.

கடையின் விலைச் சீட்டு வேறு, பொட்டலத்தின் மேல் உற்பத்தியாளர் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் சேர்த்து அழித்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டினால்கூட அது அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது என்கின்றன. 2018 ஜனவரி முதல் இணையக் கடைப் பக்கத்திலும் அந்த விலை, நிகர அளவு போன்ற விவரங்களைக் காட்டியாக வேண்டும். எனவே மேலே ஒட்டிய சீட்டை எடுக்கலாம், அச்சிட்டதைத் தொடக் கூடாது. சீட்டு அச்செழுத்தின் மேல் ஒட்டியிருந்தால் அந்தப் படத்தை நான் வாங்குவதே இல்லை. உலோகத்துக்குப் பக்கத்து உலோகம் சாட்சி சொல்லும். எழுத்துக்குப் பக்கத்து எழுத்து சாட்சி சொல்லாது. ஒருமுறை ஒருவர் மசாலாப் பொட்டலம் ஒன்றை அனுப்பி, சேர்மானப் பட்டியலின் மேல் ஒட்டியிருந்த சீட்டை எடுத்து, அடியில் 'இருந்திருக்க வேண்டியதை' எழுதிக் கொடுக்கச் சொன்னார். இன்னொரு பொட்டலத்தைப் புதிதாகப் படமெடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் அனுப்பிய புதுப் படத்தில், நாங்கள் இருவருமே எதிர்பார்க்காத பொருள் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது: கடுகு. கடுகு ஒத்துக்கொள்ளாதவர் படித்தாக வேண்டிய வார்த்தை அது.

அன்று சாயங்காலம் அண்ணன் புதுச் சரக்குக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் அதே துப்பாக்கி. ஆனால் ஒவ்வொரு டம்ளரையும் கவிழ்த்து, அடியில் ஒட்டினார்.